2,36,000-ம் 3,100-ம்: ஒரே வாரத்தில் வந்த இரண்டு ரத்தப் புற்றுநோய்கள்

கார்த்திகை பிறந்த வாரம் அது. ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பு ஆரம்பித்திருந்தது. கீழே சேலத்தில் மழை விட்டு விட்டுப் பெய்து, ஊரெங்கும் டெங்கு காய்ச்சல். அந்தத் திங்கட்கிழமை காலை என்னிடம் வந்த ரத்த ரிப்போர்ட்டுகளில் இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றில் வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 2,36,000. இன்னொன்றில் 3,100. இயல்பான அளவு 4,000 முதல் 11,000 வரை.

முதல் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லேப் பையன் ஓடி வந்தான். "சார், ரெண்டு லட்சத்துக்கு மேல காட்டுது. மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு ரெண்டு தடவை ஓட்டிட்டேன்" என்றான். இரண்டாவது ரிப்போர்ட் மற்ற டெங்கு ரிப்போர்ட்டுகளோடு அடுக்கில் கிடந்தது. அன்று யாராவது ஓடி வந்திருக்க வேண்டுமானால் அந்த இரண்டாவது ரிப்போர்ட்டுக்காகத்தான். 2,36,000 இருந்தவரால் ஒரு வாரம், ஏன், ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க முடியும். 3,100 இருந்தவனுக்கு அன்று இரவே மருந்து போயிருக்காவிட்டால் வாரக்கடைசியில் அவன் இருந்திருப்பானா என்பது சந்தேகம்.

இரண்டுமே ரத்தப் புற்றுநோய்தான். இரண்டுமே மைலாய்டு என்ற ஒரே செல் குடும்பத்தில் வந்தவை. இரண்டுக்குமே காரணம், இரண்டு குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டதுதான். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒன்று வருடக்கணக்கில் நகரும், இன்னொன்று நாள்கணக்கில் பாயும். அது எப்படி என்பதை இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது. நான் நோய்க்குறியியல் மருத்துவன், ஸ்லைடு பார்ப்பது என் வேலை. சிகிச்சை கொடுத்தவர் ரத்தவியல் மருத்துவர். நோயாளிகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மலையிலிருந்து வந்த அக்கா

முதலாமவர் 44 வயதுப் பெண். காபி எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். காலையில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, தனியாகத்தான் வந்திருந்தார். நாலு வாய் சோறு சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்பதுதான் அவருடைய குறை. கேட்டதற்கு அப்புறம் மற்றதையும் சொன்னார். ஆறு மாதத்தில் 6 கிலோ இறங்கியிருக்கிறது. ராத்திரியில் வேர்க்கிறது. பறிக்கிற கூடையை இடது பக்கம் இடுப்பில் கட்டினால் வலிக்கிறது. "வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேங்க சார். காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல" என்றார்.

இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தொப்புளைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. அதனால்தான் இரைப்பைக்கு இடமில்லை. ஹீமோகுளோபின் 9.8, பிளேட்லெட் 6,40,000. ரத்தக்கசிவைத் தடுக்க வேண்டிய பிளேட்லெட் குறையவில்லை, கூடியிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் பார்த்தேன். வெள்ளையணு எப்படி உருவாகிறது என்று பாடம் நடத்த வேண்டுமானால் அந்த ஒரு ஸ்லைடு போதும். எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு படிப்படியாக முதிர்கிறது. முதலில் பிளாஸ்ட், பிறகு ப்ரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட், கடைசியில் முழுதாக முதிர்ந்த நியூட்ரோஃபில். முதிர்ந்தது மட்டுமே ரத்தத்துக்குள் வர வேண்டும். இவருடைய ரத்தத்திலோ எல்லாப் படிகளும் இருந்தன. 100 செல் எண்ணியதில் பிளாஸ்ட் 2, ப்ரோமைலோசைட் 4, மைலோசைட் 22, மெட்டாமைலோசைட் 14, முதிர்ந்த நியூட்ரோஃபிலும் அதற்கு முந்தின படியான பேண்டும் சேர்ந்து 46, பேசோஃபில் 6, இயோசினோஃபில் 4, லிம்ஃபோசைட் 2.

காபிச் செடியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரே கிளையில் பச்சைக் காயும், மஞ்சள் வாங்கியதும், சிவந்த பழமும் சேர்ந்து இருக்கும். இந்தச் செடியில் விளைச்சல் கிளை ஒடிகிற அளவுக்குக் கூடிவிட்டது, ஆனால் பழுக்க வேண்டியது பழுக்கத்தான் செய்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் உருவம் இதுதான்.

கடுமையான கிருமித் தொற்றிலும் வெள்ளையணு 50,000-க்கு மேல் ஏறி, முதிராத செல்கள் வெளியே வரும். அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்னை முதலில் நிறுத்தியது அந்த 6 பேசோஃபில்தான். இயல்பான ரத்தத்தில் அது ஒன்றோ, இல்லாமலோ இருக்கும். தொற்றில் அது கூடாது. காய்ச்சல் இல்லாமல், மண்ணீரல் பெருத்து, பேசோஃபிலும் கூடியிருந்தால் 9-22 குரோமோசோம் இணைப்பைத் தேடாமல் விடக் கூடாது. தேடினோம், இருந்தது.

கொலுசுப் பட்டறைப் பையன்

இரண்டாமவன் 22 வயது. சேலத்தில் கொலுசுப் பட்டறையில் கண்ணி சேர்த்துப் பற்றவைக்கிற வேலை. ஐந்து நாள் காய்ச்சல், பல் ஈறில் ரத்தம். வேறொரு இடத்தில் ரத்தம் பார்த்து, வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் குறைவாக இருந்ததால் டெங்கு என்று சொல்லி, நீராகாரம் குடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்தக் கணிப்பு சரியாகவே இருந்திருக்கும்.

எங்கள் மெஷின் காட்டியது இது: வெள்ளையணு 3,100, பிளேட்லெட் 14,000, ஹீமோகுளோபின் 7.6. டெங்குவோடு ஒட்டாதது அந்த மூன்றாவது எண். டெங்கு முற்றும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதால் ரத்தம் கெட்டியாகி ஹீமோகுளோபின் ஏறும். இங்கே வேலை செய்கிற இளவயதுப் பையனுக்கு அது பாதியாக இறங்கியிருக்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் சந்தேகம் மஜ்ஜை மேல்தான் போக வேண்டும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. மெஷின் வெள்ளையணுக்களில் 44 சதவீதம் மோனோசைட் என்று பிரித்திருந்தது. மெஷினுக்குத் தெரியாத பெரிய செல் எதுவானாலும் அதைப் பெரும்பாலும் மோனோசைட் கணக்கில்தான் போடும். அவ்வளவு மோனோசைட் என்று காட்டினால் ஸ்லைடு பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

செல் குறைவான ரத்தத்தில் ஸ்லைடின் நடுவில் தேடினால் கிடைக்காது. பெரிய செல்கள் ரத்தத்தை இழுத்து முடிக்கிற வால் பகுதியிலும் ஓரங்களிலும் போய் ஒதுங்கும். அங்கே போனேன். ஒரே மாதிரிச் செல்கள் வரிசையாக வந்தன. உட்கரு நடுவில் இடுப்பு சுருங்கி இரண்டு இதழாக மடிந்திருந்தது. உடம்பு முழுக்க ஊதாவும் சிவப்புமாகத் துகள்கள். ஒரு செல்லில் அந்தத் துகள்கள் சேர்ந்து ஊசி ஊசியாக, பத்துப் பதினைந்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இதற்கு ஆங்கிலத்தில் ஃபேகட் செல் என்று பெயர், சுள்ளிக்கட்டு என்று அர்த்தம். மலையில் பெண்கள் தலையில் வைத்து இறங்குகிற சுள்ளிக்கட்டைப் பார்த்திருந்தால் வேறு பெயர் தோன்றாது. அந்த ஒரு செல்லைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து போனை எடுத்தேன்.

அது தீவிர ப்ரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோய். 100 செல்லில் 58 இந்தக் கோளாறான ப்ரோமைலோசைட். முதிர்ந்த நியூட்ரோஃபில் வெறும் 6. நடுவில் இருக்க வேண்டிய மைலோசைட், மெட்டாமைலோசைட் என்ற படிகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. செடி முழுக்கப் பச்சைக் காய், ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அதோடு, காய் செடியை அடைத்துக்கொண்டு நிற்பதால் வேறு எதுவும் விளைய இடமும் இல்லை.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது

வெள்ளையணு எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு மோசம் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். சில நேரம் மருத்துவர்களும் நினைப்பார்கள். நோயின் வேகத்தைத் தீர்மானிப்பது எண்ணிக்கை அல்ல, அந்தச் செல்கள் முதிர்கின்றனவா என்பதுதான்.

அக்காவின் உடம்பில் 9-ஆம் குரோமோசோமில் இருந்த ஏபிள் என்ற மரபணு, 22-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் குட்டையான 22-ஐ 1960-ல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் ஃபிலடெல்ஃபியாவில் கண்டதால் அதற்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973-ல் காட்டியவர் ஜேனட் ரவுலி. ஏபிள் மரபணுவின் புரதம் செல்லுக்கு "பெருகு" என்று சொல்லும் ஒரு சுவிட்ச். இயல்பாக அது தேவைப்படும்போது மட்டும் போடப்பட்டு அணையும். ஒட்டிக்கொண்ட பிறகு அணைவதே இல்லை. ஆனால் இந்தச் சுவிட்ச் முதிர்ச்சியைத் தடுப்பதில்லை. அதனால் அவருக்கு நியூட்ரோஃபில் ஏராளம், அவை கிருமியோடு சண்டையும் போடும். பிளேட்லெட்டும் இருக்கிறது. காய்ச்சல் இல்லாமல், ரத்தக்கசிவு இல்லாமல் அவர் மாதக்கணக்கில் பழம் பறித்ததற்குக் காரணம் இதுதான்.

பையனுக்கு நடந்தது 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டது. 17-ல் இருந்தது ரெட்டினாயிக் அமிலத்துக்கான ஏற்பி. வைட்டமின் ஏ-யிலிருந்து வருகிற அந்த அமிலம் வந்து தொட்டால், முதிர்ச்சிக்கான மரபணுக்களை இந்த ஏற்பி திறந்துவிடும். 15-ல் இருந்த துண்டோடு ஒட்டிய பிறகு அதே ஏற்பி பூட்டாக மாறிவிடுகிறது. உடம்பில் வழக்கமாக இருக்கிற அளவு அமிலத்துக்கு அந்தப் பூட்டு அசையாது. செல் ப்ரோமைலோசைட் படியிலேயே நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தீவிர வகை என்றால் அதன் செல்கள் அசுர வேகத்தில் பிரிகின்றன என்று பொருள் இல்லை. ஒவ்வொரு செல்லாக எடுத்துப் பார்த்தால், மஜ்ஜையின் இயல்பான இளஞ்செல்களைவிட அவை பெரும்பாலும் மெதுவாகவே பிரிகின்றன. முதிர்ந்த நியூட்ரோஃபில் ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றி, திசுவுக்குள் போய் ஓரிரு நாளில் செத்துவிடும். முதிராத செல்லுக்கு அந்த முடிவு வருவதில்லை. பிறப்பது நிற்காமல், போவது நின்றுவிட்டால் வீடு நிறையத்தானே செய்யும். மஜ்ஜை அப்படித்தான் நிறைகிறது. நிறைந்ததும் சிவப்பணு, பிளேட்லெட், நல்ல நியூட்ரோஃபில் எல்லாவற்றின் உற்பத்தியும் ஒரே நேரத்தில் விழுகிறது. ரத்தச்சோகை, கசிவு, காய்ச்சல் மூன்றும் ஒன்றாக வருவது அதனால். வெளியே ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உள்ளே மஜ்ஜை நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

இந்த ப்ரோமைலோசைட்டுகளுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அவற்றிலிருந்து வெளியேறும் பொருள்கள் ரத்தத்தை உடம்பெங்கும் குட்டிக் குட்டியாக உறையவைக்கும், உறைந்ததைக் கரைக்கவும் செய்யும். உறைவதற்கு வேண்டிய சரக்கு தீர்ந்துபோகும். பையனுக்கு ஃபைப்ரினோஜன் 92 மி.கி., 200-க்குக் குறையக் கூடாத பொருள் அது. ரத்தம் எடுத்த ஊசித் துளை முக்கால் மணி நேரம் கசிந்தது. இந்த நோயில் முதல் சில நாள்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவு.

அன்று இரவு

குரோமோசோம் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பது இந்த நோயில் எழுதப்பட்ட விதி. ஸ்லைடைப் பார்த்துச் சந்தேகம் வந்த அந்த மணியிலேயே ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையைத் தொடங்க வேண்டும். சந்தேகம் பொய்யாகிவிட்டால் நிறுத்திவிடலாம், இரண்டு நாள் கொடுத்ததால் பெரிய கெடுதல் இல்லை. காத்திருந்தால் ஏற்படும் இழப்பைத் திருப்ப முடியாது.

ஏ.டி.ஆர்.ஏ. என்பது அதே ரெட்டினாயிக் அமிலம்தான், ஆனால் உடம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிக அளவில். அந்த அளவில் பூட்டு திறந்துவிடுகிறது. 1988-ல் ஷாங்காயில் வாங் ஜென்யி குழுவினர் இதை நோயாளிகளில் காட்டினார்கள். கணக்கு உடலின் பரப்பளவை வைத்து, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 45 மி.கி. பையனுக்கு 1.6 சதுர மீட்டர், 72 மி.கி. வரும். 10 மி.கி. மாத்திரையில் காலை 4, இரவு 3. முதல் வேளை இரவு ஒன்பதரைக்குப் போனது. கூடவே பிளேட்லெட், ஃபைப்ரினோஜனுக்காகக் கிரையோபிரெசிபிடேட். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, பிளேட்லெட்டை 30,000-க்கு மேலும் ஃபைப்ரினோஜனை 150-க்கு மேலும் பிடித்து வைத்தார்கள். மஜ்ஜை ஊசி, மற்ற குத்தல்கள் எல்லாம் அளவோடு. புதன்கிழமை முடிவு வந்தது: 15-17 இணைப்பு உறுதி. அதற்கப்புறம் ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு சேர்ந்தது, கிலோவுக்கு 0.15 மி.கி. வீதம் 54 கிலோவுக்கு நாளுக்கு 8 மி.கி., நரம்பு வழியாக. ஆர்செனிக் அந்த ஒட்டுப் புரதத்தின் இன்னொரு பாதியைத் தாக்கிச் சிதைக்கிறது. ஆர்செனிக் மட்டுமே கொடுத்தும் இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டியதில் நம் வேலூர் சி.எம்.சி.க்கு முக்கியமான பங்கு உண்டு.

பையனின் அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பட்டறைப் புகையாலதான் வந்துச்சுங்களா சார்? நான்தான் கண்ணு அவனை அந்த வேலைக்கு அனுப்பிவெச்சேன்" என்று அழுதார். கதிர்வீச்சும் பென்சீனும் மைலாய்டு புற்றை வரவைக்கும் என்பது உறுதியானது. ஆனால் ஒரு தனி ஆளைக் காட்டி இவனுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலானவர்களுக்குக் காரணமே கிடைப்பதில்லை. பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் நடந்த விபத்து இது. பரம்பரையாக வந்ததல்ல, அவன் பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. இதை அந்த அம்மாவுக்கு மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது.

ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. எடை நான்கு நாளில் 3.5 கிலோ ஏறியிருந்தது, காய்ச்சல், வெள்ளையணு 24,000. தொற்று என்று நினைத்துக் கிருமிக்கொல்லியோடு மட்டும் நின்றால் ஆள் போய்விடும். இது முதிர்ச்சி நோய்க்குறி. பழுக்கத் தொடங்கிய லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் நுரையீரலுக்குள் நுழைந்து நீர் கோத்துக்கொள்ள வைக்கின்றன. டெக்ஸாமெதசோன் 10 மி.கி. தினம் இரு வேளை கொடுத்ததில் மூன்று நாளில் தெளிந்தான். அந்த வாரம் நான் பார்த்த ஸ்லைடு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நன்றாக இதழ் பிரிந்த, முதிர்ந்த ஒரு நியூட்ரோஃபில், அதன் உள்ளே அதே ஊசி ஒன்று. புற்றுச் செல்லைக் கொல்லாமல், பழுக்கவைத்திருக்கிறது மருந்து. பச்சைக் காயாக நின்றதுதான் பழமாகி இருக்கிறது என்பதற்கு அந்த ஊசியே சாட்சி.

வேர் எங்கே இருக்கிறது

அக்காவின் கதை அமைதியாகப் போனது. இமாடினிப் 400 மி.கி., தினம் ஒன்று, சாப்பாட்டோடு. அணையாத அந்தச் சுவிட்சுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்படி வடிவமைத்த மருந்து, 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டில் அதற்குக் காப்புரிமை கிடையாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இங்கே தயாராகும் மாத்திரை வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. மூன்றாம் மாதம் வெள்ளையணு 6,200, மண்ணீரல் கையில் படவில்லை. 9-22 இணைப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் மூலக்கூறு பரிசோதனை மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும் ஒரு வருடத்தில் 0.1-க்குள்ளும் வர வேண்டும். அவருக்கு 0.07.

பதினாலாம் மாதம் அவர் வரவில்லை. பதினேழாம் மாதம் வந்தபோது 4.2. ஆடுசதை பிடிக்கிறது, கண் வீங்குகிறது, உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று தானாகவே நிறுத்தியிருக்கிறார். வெள்ளையணு அப்போதும் 9,000-தான். சாதாரண ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று அனுப்பியிருப்போம்.

நாள்பட்ட வகை என்றால் சாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல மருந்து வருவதற்கு முன்னால் இந்த நோய் மூன்று முதல் ஐந்து வருடம் மெதுவாக நகர்ந்து, பிறகு ஒருநாள் தீவிர வகையாக மாறும். பெருகிக்கொண்டே இருக்கிற செல்களில் ஒன்றில் இரண்டாவது, மூன்றாவது கோளாறு சேர்ந்து முதிர்ச்சியும் நின்றுவிடுவதுதான் அந்த மாற்றம். ரத்தத்தில் அல்லது மஜ்ஜையில் பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் பிளாஸ்ட் நெருக்கடி என்கிறோம். பல வருடம் முன்பு, மாத்திரையை இரண்டு வருடம் விட்டுவிட்டு வந்த ஒருவரின் ஸ்லைடைப் பார்த்தேன். பிளாஸ்ட் நிறைந்து கிடந்தது. அவை மைலாய்டு கூட இல்லை, லிம்ஃபாய்டு. நியூட்ரோஃபில் குடும்பத்தில் தொடங்கியதாகத் தோன்றிய நோய் எப்படி லிம்ஃபோசைட் குடும்பத்தின் பிளாஸ்டாக வந்து நிற்கும்?

9-22 இணைப்பு நடந்த இடம் நியூட்ரோஃபில் வரிசையில் இல்லை, எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான தண்டு செல்லில். சிவப்பணுவின் முன்னோடியிலும், பிளேட்லெட் தருகிற செல்லிலும், பி லிம்ஃபோசைட்டிலும் தேடினால் அதே குரோமோசோம் கிடைக்கிறது. வெளியே தெரிகிற மிகுதி நியூட்ரோஃபில், வேர் அதற்கு வெகு கீழே. பிளாஸ்ட் நெருக்கடி வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது லிம்ஃபாய்டாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எல்லாத் தீவிர ரத்தப் புற்றும் இப்படி நாள்பட்டதிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனுடையதைப் போலப் பெரும்பாலானவை நேரடியாகத் தீவிர வகையாகவே தொடங்குகின்றன.

லிம்ஃபாய்டு பக்கமும் இதே பிரிவு உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் லிம்ஃபோசைட்டின் முன்னோடி முதிராமல் நிற்கிற தீவிர வகை, சில வாரக் காய்ச்சல், கால் வலி, வெளுப்போடு வரும். வயதானவர்களுக்கு வருகிற நாள்பட்ட லிம்ஃபாய்டு வகையில் செல் பார்வைக்கு முதிர்ந்தே இருக்கும். முழு உடல் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவந்து, பல வருடம் மருந்தே இல்லாமல் கவனித்து வருகிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். அக்காவின் நியூட்ரோஃபில் வேலை செய்யும், இந்த முதிர்ந்த லிம்ஃபோசைட்டோ நோய் எதிர்ப்புக்கு உதவாது, அதனால் அவர்களுக்குத் தொற்று அடிக்கடி வரும். முதிர்ந்த தோற்றம் முதிர்ந்த வேலைக்கு உத்தரவாதம் ஆகாது.

அக்காவுக்கு மாத்திரை மறுபடி தொடங்கியது. ஆடுசதைப் பிடிப்புக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள், அதை முதலிலேயே கேட்டிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். ஆறு மாதத்தில் 0.09.

சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவில் பெஞ்சில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு மருந்து முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, 15-17 இணைப்பு மூலக்கூறு பரிசோதனையில் தென்படவில்லை. பேச்சுவாக்கில் அது தெரிந்ததும் அக்கா நேராக என்னிடம் வந்தார். "இந்தத் தம்பிக்கு அன்னிக்கு உயிருக்கே ஆபத்துன்னீங்க. அவனுக்கு மாத்திரைய நிறுத்தியாச்சாம். எனக்கு ஆபத்தில்லன்னு சொல்லிட்டு இன்னும் தின்னச் சொல்றீங்களே, அதென்னங்க சார் நியாயம்?"

அவருடைய கேள்வி சரியான கேள்வி. அவனுடைய செல்கள் பழுத்து உதிர்ந்துபோயின, தொடர்ந்து அந்த இணைப்பு தென்படாமலும் இருக்கிறது. அவருடைய மாத்திரை சுவிட்சை அடைத்து வைத்திருக்கிறது, ஆனால் வேரில் உள்ள தண்டு செல்களில் சில அந்தச் சுவிட்சை நம்பியிராமலே தூங்கியபடி உயிரோடு இருக்கும். மாத்திரை நின்றால் அங்கிருந்து திரும்ப முளைக்கும், பதினேழாம் மாதம் நாங்கள் பார்த்ததே அதுதான். அப்படியும் ஒரு வழி இருக்கிறது. சில வருடம் மாத்திரை எடுத்து, 0.01 சதவீதத்துக்குக் கீழே இரண்டு வருடத்துக்கு மேல் நிலைத்திருந்தால், மாதாமாதம் பரிசோதனை செய்துகொண்டு நிறுத்திப் பார்க்கலாம். அப்படி நிறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் திரும்ப வருவதில்லை. திரும்பியவர்களும் மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலும் மறுபடி கட்டுக்குள் வருகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் "அப்ப எனக்கு இன்னும் எவ்வளவு இறங்கணும்?" என்று கேட்டார். அவருடைய நோட்டில் 0.09 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 0.01 என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனை மார்ச்சில்.